சொந்தக்காரர்கள் போட்ட லைக்

அவளைக் கவிழ்த்தது நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படுகிறவனாக இருந்தால் அன்றைக்கே வாயைத் திறந்திருப்பேன்.

அவள் ஜுருவில் பழைய கார் விற்கும் ஓர் இடத்தில் வேலை பார்த்தாள். நான் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அறை எடுத்துக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவன். மூன்று வருடமாக இருவரும் சேர்ந்து இணையத்தில் ஒரு வீடியோ சேனல் நடத்தினோம். பழைய கார் வாங்கப் போகிறவன் எங்கெங்கே ஏமாறுவான் என்று அவள் பேசுவாள். படம் பிடிப்பது, வெட்டுவது, ஏற்றுவது எல்லாம் நான். முகம் அவளுடையது, மீதியெல்லாம் என்னுடையது என்ற நினைப்பில் இருந்தேன்.

நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: சொந்தக்காரர்களுக்கு லிங்க் அனுப்பக் கூடாது. அவளுடைய அம்மாவுக்கு இதில் தீராத கோபம். ஊரான் பார்க்கலாம், பெற்றவள் நாலு பேருக்கு அனுப்பக் கூடாதா என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். ஏன் கூடாது என்று யாருக்கும் சொன்னதில்லை. தொழில் ரகசியத்தை ஊருக்கெல்லாம் சொல்ல நான் என்ன முட்டாளா?

காரணம் இதுதான். புதிதாக ஏற்றின வீடியோ யாருக்குப் பிடிக்கும் என்று தளத்துக்குத் தெரியாது. அதனால் எடுத்தவுடன் ஊருக்கெல்லாம் பரிமாறாது. சந்தாதாரர்களில் சிலர், இதே மாதிரி வீடியோக்களை ஏற்கெனவே பார்த்தவர்கள் சிலர் என்று ஒரு சிறு கூட்டத்தின் முன்னால் வைத்துப் பார்க்கும். முகப்புப் படத்தைப் பார்த்து அழுத்துகிறார்களா, தாண்டிப் போகிறார்களா? அழுத்தினவர்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள்? முடிவுவரை இருந்தால் அவர்களைப் போன்ற இன்னும் கொஞ்சம் பேருக்குக் காட்டும், பிறகு இன்னும் பெரிய கூட்டத்துக்கு. முதல் கூட்டமே எழுந்து போய்விட்டால் காட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். கார் வாங்க அலைகிறவன் பன்னிரண்டு நிமிடமும் பார்ப்பான். சித்தி என்ன செய்வார்? பாசத்தோடு திறப்பார், லைக் போடுவார், பத்தே நொடியில் மூடிவிட்டுச் சமையல் வீடியோவுக்குப் போவார். சித்திகள் சந்தாதாரர்களாகச் சேர்ந்தால் இன்னும் மோசம். அடுத்த வீடியோவை முதலில் அவர்கள் முன்னால்தான் கொண்டுபோய் வைக்கும்.

இப்படி நான் காவல் காத்த சேனலைப் பார்த்துத்தான் கோலாலம்பூரிலிருந்து ஒரு தயாரிப்பு நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. தமிழில் கார் நிகழ்ச்சி தொடங்கப் போகிறார்களாம். நடத்த இரண்டு பெண்களைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், அவள் ஒருத்தி. அடுத்து ஏற்றும் வீடியோ ஒரு வாரத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் எவ்வளவு போகிறது என்று பார்த்து முடிவு செய்வார்கள். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள், நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் எடிட்டரும் சேர்ந்து வருவாரா என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

"எடிட்டர்லாம் வேணாம் லா. உங்ககிட்டயே ஆளு இருப்பாங்கதானே" என்றாள்.

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணில் கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். வேண்டுமென்றே என்னை ஒதுக்கியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அந்த எடிட்டர் எதிரில் உட்கார்ந்திருக்கும் நான்தான் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த வாரம் எடுத்தது வெள்ளத்தில் மூழ்கின கார் பற்றியது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், அடியில் சேறு காய்ந்திருக்கும். சீட்டுக்கு அடியில் போல்ட்டைத் தடவிப் பார், துரு கையில் வரும். காருக்குள் வாசனை ஜாஸ்தியாக அடித்திருந்தால் எதையோ மறைக்கிறான். அவள் இவ்வளவு நன்றாக ஒருநாளும் பேசியதில்லை. நானும் இவ்வளவு நன்றாக ஒருநாளும் வெட்டியதில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தாலே போதும், அது ஓடியிருக்கும்.

ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்னால் அவளுடைய அம்மா வழக்கம்போல ஆரம்பித்தார். மகளுக்கு வாழ்க்கையே மாறப்போகும் நேரத்திலும் நம் ஆட்கள் சும்மா இருக்க வேண்டுமா என்று கேட்டார். இந்தத் தடவை நான் மழுப்பவில்லை.

"எல்லா குரூப்புலயும் போட்டு விடுங்க ஆன்ட்டி. இப்பவே எல்லாரும் சப்ஸ்கிரைப் பண்ணணும். வெள்ளிக்கிழமை வீடியோ வந்த ஒடனே தொறக்கணும்" என்றேன்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லா இருப்பே தம்பி என்றார். அவள் மட்டும் ஒரு கணம் என்னைப் பார்த்து, வேண்டாமென்று நீங்கள்தானே அண்ணே சொல்வீர்கள் என்று கேட்டாள். இந்த ஒரு வீடியோவுக்குப் பரவாயில்லை என்றேன். என்னை நம்பினாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ் குரூப், கோயில் குரூப், சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் பெரியப்பா வீட்டு குரூப் என்று லிங்க் பறந்தது. கார் ஓட்டவே தெரியாத அத்தைகளெல்லாம் சந்தாதாரர்கள் ஆனார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்றினேன். முதல் ஒரு மணி நேரத்தில் கடைசிப் பத்து வீடியோக்களில் இதுதான் முதலிடம் என்று காட்டியது. அவள் துள்ளினாள். அம்மா இனிப்பு வாங்கி வந்தார், நானும் வாயில் போட்டுக்கொண்டேன். பக்கத்திலேயே இன்னொரு கோடு இருந்தது, எத்தனை பேர் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதற்கு. அரை நிமிடத்துக்குள் அது செங்குத்தாகக் கீழே விழுந்து கிடந்தது. அதை அவளுக்கு நான் காட்டவில்லை. மறுநாள் மத்தியானம் எண்ணிக்கை நின்றுவிட்டது. குரூப்பில் இருந்தவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள், வெளியே யாருக்கும் அது போகவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்தில் பத்தாவது இடம்.

வாரம் முடிந்ததும் நிறுவனம் மரியாதையாக எழுதியது. இன்னொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் வேலை முடிந்து கம்பெனிச் சட்டையோடே என் மாடிக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. அழவும் இல்லை. எங்கே தப்பு, மறைக்காமல் சொல்லுங்கள் என்றாள். அந்த வீடியோவில் ஒரு நொடிகூடத் தப்பில்லை. எனக்குத் தெரியும்.

"கொஞ்சம் இழுவையா இருந்துச்சு மா. நீ பேசுறது" என்றேன்.

தலையாட்டிக்கொண்டாள். தன் குரல் அவளுக்கே பிடிக்காதாம், ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்ததாம், அவள் மனசு நோகக் கூடாதென்று நான் சொல்லாமல் இருந்திருப்பேனாம். பிறகு போனைத் திறந்து குரூப்பைக் காட்டினாள். வரிசையாகக் கட்டைவிரல்கள், பூக்கள், வாழ்த்துகள்.

"நம்ம ஆளுங்கதான் அண்ணே கடைசிவரைக்கும் கூட நின்னாங்க. வெளியாளுங்களுக்கு என்னைப் பிடிக்கல. அவ்வளவுதான்."

வெளியாட்கள் அவளைப் பார்க்கவே இல்லை. அந்த ஒரு வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

சேனலையே அழித்துவிடச் சொன்னாள். யாராவது தேடி வந்து பார்த்துச் சிரிக்கக் கூடாதாம். சரியான ஆட்கள் எப்படியோ வந்து சேர்ந்து, படுத்துக்கிடந்த வீடியோ மாதங்கள் கழித்து எழுந்து ஓடியதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அதையும் சொல்லவில்லை. நிச்சயமாகவா என்று திரை கேட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுத்தினேன். தேங்க்ஸ் அண்ணே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.