முப்பது கிராமுக்கு நூற்றிருபது

ஆய்வகத்தின் அறிக்கை புதன்கிழமை காலையில் கைப்பேசிக்கு வந்தது. மாவுக் கொட்டடியில் நின்றபடியே திறந்தேன். ஒரு பரிமாறலுக்கு, அதாவது முப்பது கிராம் ராகி முறுக்குக்கு, சோடியம் நூற்று எழுபத்தெட்டு மில்லிகிராம். உப்பைக் குறைப்பதற்கு முன்னால் எடுத்த மாதிரியில் நூற்று எழுபத்தாறு இருந்தது. மூன்றில் ஒரு பங்கு உப்பைக் குறைத்த பிறகு இரண்டு கூடியிருக்கிறது.

கடத்தூரிலிருந்து பொம்மிடி போகும் சாலையில் உள்ள அந்தச் சிறுதானியப் பலகார ஆலையில் நான் தரக் கட்டுப்பாட்டுக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உணவுத் தொழில்நுட்பம் படித்தவள் அங்கே நான் ஒருத்திதான். சேலத்தில் ஒரு மருத்துவமனையின் உணவுப் பிரிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மாலைத் தின்பண்டமாகக் கொடுக்க எங்கள் முறுக்கைக் கேட்டிருந்தது. ஒரே நிபந்தனை. முப்பது கிராமுக்கு நூற்றிருபது மில்லிகிராம் சோடியத்தைத் தாண்டக்கூடாது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு இரண்டாயிரம் மில்லிகிராம்தான் உச்சம். உப்பாகச் சொன்னால் ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டி. அதை மூன்று வேளைச் சாப்பாடும் பங்குபோட்டுக்கொண்ட பிறகு, தின்பண்டத்துக்கு மிஞ்சுவது அவ்வளவுதான்.

நான் போட்ட கணக்கு எளிமையானது. ஒரு ஈட்டில், அதாவது ஒரு தடவை பிசையும் மாவில், பத்தரைக் கிலோ முறுக்கு வரும். அதில் சுமார் நூற்றைம்பது கிராம் உப்பு இருந்தது. அதை நூறாக்கினால் முப்பது கிராமுக்கு நூற்றுப் பதினைந்துக்குள் நின்றுவிடும். ஒரு கிராம் உப்பில் நானூறுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் சோடியம்.

ஆனால் எங்கள் ஆலையில் உப்பை நேராக மாவில் போடுவதில்லை. வாங்குவது கல் உப்பு, அதில் மண்ணும் பொடிக்கல்லும் இருக்கும். ஒரு பெரிய பீங்கான் ஜாடியில் முதல் நாள் மாலையே தண்ணீர் ஊற்றிக் கரைத்து வைப்பார்கள். காலையில் மேலே தெளிந்திருப்பதை அரை லிட்டர் குவளையால் மொண்டு, ஈட்டுக்கு ஒரு குவளை ஊற்றிப் பிசைவார்கள். தினம் ஆறு ஈடு, மூன்று லிட்டர். அதற்கு ஒரு கிலோ பாக்கெட் உடைத்துக் கொட்டுவது வழக்கம். ஆர்டர் குறைந்து மூன்று ஈடு மட்டும் போட்ட நாளிலும் தண்ணீர்தான் பாதியாகக் குறையும், பாக்கெட் முழுசாகத்தான் போகும். அந்த முறையை நான் மாற்றவில்லை. ஒரு கிலோவுக்குப் பதில் அறுநூற்றைம்பது கிராம் எடைபோட்டு உறையில் கட்டி, அறிக்கை வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் மாலையில் நானே கொடுத்தேன். தண்ணீர் அதே மூன்று லிட்டர். பதிவேட்டில் தேதி, எடை, என் கையெழுத்து.

அதனால்தான் அறிக்கையைப் பார்த்ததும் எனக்கு ஒரே முடிவு தோன்றியது. கொடுத்த உப்பு குறைந்திருக்கிறது, முறுக்கில் உப்பு குறையவில்லை. அப்படியென்றால் உப்பு வெளியிலிருந்து வருகிறது.

நோட்டில் எழுதினேன். சோடா மாவு: நாங்கள் சேர்ப்பதில்லை. வெண்ணெய்: உப்பில்லாதது, உறையைப் பார்த்தாயிற்று. எள், ஓமம், பெருங்காயம்: கணக்கில் வராது. ஆய்வகத் தவறு: இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறார்கள். கடைசி வரியில் மாவு பிசையும் அக்கா என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆலை தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் மாவு பிசைகிறார். அவர் வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது இது ஒன்றுதான் என்று எல்லோருக்கும் தெரியும். உப்பைக் குறைக்கப் போகிறோம் என்று நான் சொன்ன அன்று, கை மாவோடு நிமிர்ந்து பார்த்து, "உப்பில்லாம முறுக்கு சுட்டா மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும் கண்ணு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புதன்கிழமை அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஞாபகம் வந்தது.

அன்று முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையை ஏன் இரண்டு முறை உதறினார்? அரிசிமாவு மூட்டைக்குப் பின்னால் எதற்குப் போனார்? மாவைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாரே, அது எதற்கு? முன்பெல்லாம் நான் கவனித்தே இராத அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்தேன்.

வியாழக்கிழமை மதியம், பிசையும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடுப்பிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். வெள்ளையும் சிவப்புமாக இருந்தது, உப்பும் மிளகாய்த்தூளும். கைப்பேசியில் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் அக்கா மாங்காய்க் கீற்றை அதில் தொட்டுக் கடித்தார். அதையும் பார்த்தேன். மாங்காய் ஒரு சாக்காக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் முதலாளி வந்தார். அவருக்கு அந்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஏம்மா, உப்புக் கொண்டாந்து போடறீங்களா?"

"நானா? எதுக்குங்க?"

"ருசி கொறஞ்சு போச்சுன்னு."

"ருசி கொறஞ்சா எனக்கென்னங்க? நானா திங்கப் போறேன்?"

"இந்தப் படத்துல இருக்கறது என்ன?"

அக்கா கைப்பேசியை வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு படத்தை விட்டுவிட்டு, அது எங்கிருந்து எடுக்கப்பட்டிருக்கும் என்று கண்ணால் அளந்தார். உறை ஒட்டும் மேசை. அங்கே நான் நின்றிருந்தேன்.

"மாங்காய்க்குத் தொட்டுக்கறதுக்குங்க" என்றார். "அதுல ஒரு கீத்து உங்களுக்கும் குடுத்தனே கண்ணு, போன வாரம்."

கொடுத்திருந்தார்.

"சனிக்கெழம வரைக்கும் வாங்க. அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. அதற்கு அர்த்தம் என்ன என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அன்று மாலை வீடு திரும்ப ஏறிய பொம்மிடிப் பேருந்தில்தான் முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். ஈட்டுக்கு ஐம்பது கிராம் வெளியிலிருந்து வருகிறதென்றால் நாளைக்கு முன்னூறு கிராம். அந்தப் பொட்டலத்தில் இரண்டு தேக்கரண்டி இருந்திருக்கும், பத்து கிராம். முன்னூறு கிராமை இடுப்பில் செருகிக்கொண்டு தினமும் வருவதென்றால் கண்ணில் படாமல் இருக்காது. இருந்தும் என் சந்தேகம் போகவில்லை. அது இடம்தான் மாறியது. வேறெங்கோ பெரிய பொட்டலம் இருக்கிறது என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து தொட்டியை விட்டு நகரவே இல்லை. அக்கா ஒவ்வொரு குவளை ஊற்றும்போதும் கையை விரித்து, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டுப் பிசைந்தார். முறுக்கு பிழியும் பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆறு ஈடும் முடிந்தன. ஒரு சிட்டிகை உப்புகூட வெளியிலிருந்து விழவில்லை.

மாலை நான்கு மணிக்கு நான் அறுநூற்றைம்பது கிராம் உறையைக் கொடுத்தேன். அவர் ஜாடியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மூங்கில் கழியால் கலக்கினார். கழி கீழே இறங்கியபோது கரகரவென்று ஒரு சத்தம். இப்போது கொட்டிய உப்பின் சத்தம்தான் என்று விட்டிருப்பேன். ஆனால் கழி அடிவரை போகாமல் கொஞ்சம் மேலேயே எதிலோ இடித்து நின்றது.

"அடியில என்னங்கக்கா?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "மண்ணும் கல்லும். அத எதுக்குக் கெளறணும்? தெளிஞ்சத மொண்டுக்க வேண்டியதுதான்."

"ஜாடியக் கழுவி எத்தன நாளாச்சு?"

"வாங்குனதுல இருந்து யாரு கழுவுனா?"

கலங்கிய தண்ணீருக்குள் முழங்கை வரை கையை விட்டேன். நான்கு விரல் உயரத்துக்குக் கெட்டியாக ஒன்று படிந்திருந்தது. கிள்ளி எடுத்தேன். மேலே பழுப்பு, உடைத்தால் உள்ளே வெள்ளை. நாக்கில் வைத்தேன்.

உப்பு.

தண்ணீர் ஓரளவு உப்பைத்தான் கரைக்கும், மிச்சம் அடியில் தங்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். மூன்று ஈடு போட்ட நாட்களிலும் கிலோவைக் கொட்டியதில், கரையாதது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது. நான் மேலே முன்னூற்றைம்பது கிராமைக் குறைத்தேன். குறைந்ததை அடியில் இருந்த படிவு கரைந்து ஈடுகட்டிக்கொண்டே வந்திருக்கிறது. குவளையில் வந்தது எப்போதும் போல முழுச் செறிவான உப்புத் தண்ணீர்.

ஊகத்தோடு விட மனம் வரவில்லை. காலையில் மொண்டதில் மிச்சம் குவளையில் இருந்தது. அதில் நூறு மில்லியை அளந்து தராசில் வைத்தேன். என் கணக்குப்படி நூற்றுப் பதின்மூன்று கிராம் வர வேண்டும். நூற்றிருபது வந்தது. இன்னொரு முறை அளந்தேன், நூற்றிருபதுதான். அதற்கு மேல் தண்ணீர் உப்பைத் தாங்காது.

முதலாளியிடம் போனேன். "தப்பு என்னோடதுங்க சார். ஜாடிக்குள்ள பாக்காமயே கணக்குப் போட்டுட்டேன்."

அவர் நிம்மதியாகச் சாய்ந்தார். "அப்ப ஆர்டர் போகாதில்ல? சரி, அந்தம்மாவயே இருக்கச் சொல்லு. ஆய்வகத்துல ஏதோ கொழப்பம்னு சொல்லிக்கலாம், உம்பேரு எதுக்கு?"

அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க முடியாது. கதவு வரை அந்த வாக்கியத்தோடுதான் நடந்தேன். ஆனால் அக்கா கையைத் திருப்பிக் காட்டியதை ஆறு தடவையும் பார்த்தவள் நான்.

பிழியும் பெண்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். உப்பு ஜாடியிலேயே இருந்தது, யாரும் கொண்டுவரவில்லை, படம் எடுத்தது நான், பார்க்காமல் சொன்னதும் நான். சனிக்கிழமை பேச்சு இனி இல்லை, திங்கட்கிழமையும் அக்கா வர வேண்டும்.

ஒருத்தி, "படிச்ச புள்ள கையி ஜாடி அடி வரைக்கும் எட்டறதுக்கு ஒம்பது நாளாச்சு" என்றாள். சிரிப்பு எழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. சேலை முனையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இனிமே எப்படிங்க போடறது?"

"ஈட்டுக்கு நூறு கிராம் தனியா எடை போட்டு, சின்னக் குண்டால கரைச்சு, வடிகட்டி, மொத்தத்தையும் ஊத்திடறது. குண்டா கழுவுன தண்ணியும் மாவுலயே போகணும்."

"எடை யாரு போடறது?"

"நான் போட்டுக் குடுத்துடறேன்."

"குடுத்துட்டுப் போயிராதீங்க" என்றார். "நான் ஊத்தறப்ப பக்கத்துல நின்னு பாருங்க. பாத்தேன்னு நோட்டுல எழுதுங்க. நீங்க எடை போடறப்ப நானும் நிப்பேன். எனக்கு நம்பர் படிக்கத் தெரியும்."

பத்து நாள் கழித்து அடுத்த அறிக்கை வந்தது. நூற்றுப் பதினாறு. மருத்துவமனைக்கு முதல் பெட்டிகள் போயின. அக்கா சொன்னபடியே நடக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு முறை தராசுக்கு முன்னால் அவர் வந்து நிற்பார். எண் அசையாமல் நிற்கும் வரை என் விரல்களைப் பார்ப்பார், தட்டின் ஓரத்தில் ஏதும் படுகிறதா என்று.