பாலம்மா இருக்காள்லா

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டின அந்தச் சைவ ஓட்டலில் யார் வேலைக்கு வராவிட்டாலும் முதலாளி ஆவுடைநாயகம் அண்ணாச்சி பதறவே மாட்டார். "பாலம்மா இருக்காள்லா!" என்பார். சட்னி அரைக்கிறவள் சடங்கு வீட்டுக்குப் போய்விட்டாளா, பாலம்மாள் அரைப்பாள். பில் போடுகிற ஆளுக்குக் காய்ச்சலா, பாலம்மாள் கல்லாவில் உட்காருவாள். தோசை மாஸ்டர் கணேஷ்ராம் முகூர்த்த நாளில் கல்யாண வீட்டுச் சமையலுக்குப் போய்விட்டு, "தலைவலி அண்ணாச்சி" என்று போனில் முனகினால் தோசைக்கல்லும் அவள் தலையில்தான்.

சீவலப்பேரியிலிருந்து பாத்திரம் கழுவ வந்தவள் அவள். யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கவில்லை. ஆள் இல்லாத இடத்தில் எல்லாம் தள்ளிவிட்டார்கள், கையைச் சுட்டுக்கொண்டு படித்தாள். முதலில் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்! பிறகுதான் கணக்குப் புரிந்தது. எல்லார் இடத்திலும் இவள் நிற்பாள், இவள் இடத்தில் நிற்க ஒரு ஈ காக்கா கிடையாது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கூடத் தாலி கட்டி முடிந்த பிறகுதான் போனாள்.

மகள் சித்ரலேகா மாசமானதும் பாலம்மாள் துணிந்து கேட்டாள். "அண்ணாச்சி, மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம் பார்சல் கட்டுத டார்லின் கல்லுல நிக்கட்டும். நான் பார்சலுக்குப் போறேன். வாரத்துக்கு ஒருக்கா மாத்தி மாத்தி நின்னாத்தான் எல்லாருக்கும் கை பழகும். எம்மவ பேறுகாலத்துக்கு நான் போகணும்லா?"

"தாராளமாப் போ. யாரு வேண்டாங்கா?" என்றார்.

டார்லின் கல்லில் நின்றாள். இரண்டு மத்தியானம் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் ஒரு தோசை பிய்ந்து, சாப்பிட வந்தவர் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். கணேஷ்ராம் குதித்தான். "எங்கல்லுல கண்டவ கையும் பட்டா என் பேரு என்னாகும்?" அண்ணாச்சியும், "விடு பாலம்மா, நீதான் இருக்கியே" என்று முடித்துவிட்டார். ஒரு தோசை! ஒரே ஒரு தோசைக்காக எல்லாம் போச்சு. பாலம்மாளும் பார்சல் வேலையை டார்லினிடமே திருப்பிக் கொடுத்தாள். விடாமல் பேசியிருக்க வேண்டும்.

மகளுக்கு வலி கண்டது நல்ல முகூர்த்த நாளில். மருமகன் லாரியில் வடக்கே போயிருந்தான். கூட வேறு ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சித்ரலேகா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "பிரசவ ரூமுக்குள்ள நீதான் எங்கூட வரணும்மா" என்றாள். "வராம எங்க போறேன்?" என்று பாலம்மாள் சொல்லி வாய் மூடவில்லை, அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது.

"கணேஷ்ராம் வரல. கல்யாணக் கூட்டம் வாசல் வரைக்கும் நிக்கி. டார்லினைக் கல்லுல விட்டேன், அழுதுகிட்டு நிக்கா. கூட்டம் குறையுத வரைக்கும் வா தாயீ."

பிறக்கச் சாயங்காலம் ஆகும் என்று நர்ஸ் சொன்னாள். கடை பக்கம்தானே என்று நினைத்தாள் பாலம்மாள். பாவி மனுஷி, போனாள்.

கல் கனன்றுகொண்டிருந்தது. கரண்டியை வைத்ததும் மாவு பரவாமல் சுருண்டு கரண்டியோடு வந்தது. சூடு ஏறினால் தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்துத் துடைக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்த பயத்தில் டார்லினுக்கு அது மறந்தே போயிற்று. மூன்று மத்தியானத்தில் என்னத்தைப் பழகும் கை? பாலம்மாள் துடைத்தாள், ஊற்றினாள், திருப்பினாள். கூட்டம் குறையவில்லை. அடுத்த பஸ், அடுத்த கூட்டம். "இந்தா போயிரலாம், இந்தா போயிரலாம்" என்று அண்ணாச்சி வாய் ஓயவில்லை.

சாயங்காலம் ஆகும் முன்னேயே மடியில் இருந்த போன் அடித்தது. பக்கத்துக் கட்டில்காரி பேசினாள். "ஒம்மவளுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. ரெண்டு உசுரும் நல்லாருக்கு. உள்ள கூட யாரு வாறான்னு நர்ஸம்மா கேட்டா. அம்மா வருவா, அம்மா வருவான்னே சொல்லிக்கிட்டுப் போனா, பாவம்."

பாலம்மாள் அழுதாள். கல்லில் இருந்த தோசை கருகியது. யாரும் திருப்பி அனுப்பவில்லை, அதை அவளே எடுத்து ஓரமாக வைத்தாள்.

அண்ணாச்சிக்கும் மனம் சுட்டிருக்க வேண்டும். எல்லாரையும் கூப்பிட்டு, "இனி ஒருத்தருக்கு ஒரு வேலைங்கிற பேச்சே கிடையாது. நாளையிலேருந்து பாலம்மா எல்லாருக்கும் எல்லாத்தையும் சொல்லிக் குடுப்பா. டார்லின், நீ கல்லுக்கு வா" என்றார்.

பாலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரண்டியை டார்லின் பக்கம் நீட்டினாள். "வாடி."

டார்லின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாங்க்கா," என்றாள். "எனக்கும் அம்மா இருக்கா. இதையெல்லாம் படிச்சா நாளைக்கு அவகிட்டப் போக என்னையும் விடமாட்டாவ."

பாலம்மாள் மற்றவர்களைப் பார்த்தாள். சட்னிக்காரி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வாசலில் அடுத்த பஸ் வந்து நின்றது. பாலம்மாள் கல்லில் தண்ணீர் தெளித்தாள்.