விடுமுறையன்று வந்த சைபர்

அந்தத் திங்கட்கிழமை அரசு விடுமுறை. காலை ஐந்தரைக்கு ஃபோன் அடித்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? எடுத்தால், அலுவலக அக்கா.

நோயாளிகளை டயாலிசிஸுக்கும் மற்ற சிகிச்சைகளுக்கும் கொண்டுபோய் விடும் கார் கம்பெனி எங்களுடையது. எந்த டிரைவர் யாரை ஏற்ற வேண்டும் என்ற பட்டியலை இரவில் ஒரு புரோகிராம் தயாரிக்கும். எழுதியவன் நான். வேலை முடிந்ததும் அது நான்கு வரி அறிக்கை ஒன்றை மெயிலில் அனுப்பும். நான் அதைத் திறந்து பார்த்தே பல வாரமாகிவிட்டது. அக்கா மட்டும் பொண்டி என்ற புறநகரிலிருந்து முதல் ரயிலில் அலுவலகம் வந்து தினமும் படிப்பார்.

"தம்பி, வெற்றிகரமாக முடிஞ்சுது, பிழை இல்லை எண்டு போட்டிருக்கு. பயணங்கள் சைபராம், ஒண்டுகூட இல்லை!"

"லீவுதானே அக்கா, சைபர்தான் வரும். தூங்க விடுங்களேன்."

"கிட்னிக்கும் லீவோ?"

தூக்கம் போயே போச்சு. விடுமுறையில் பூட்டியிருக்கும் கிளினிக்குகளுக்குக் கார் போகக் கூடாதென்று போன வாரம்தான் விடுமுறைத் தேதிகளைப் புரோகிராமில் சேர்த்திருந்தேன். டயாலிசிஸுக்கு விலக்குக் கொடுக்க மறந்துவிட்டேன், மடையன். அது சொன்னபடி எல்லாப் பயணத்தையும் நீக்கிவிட்டு, பிழை இல்லை என்று எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ரத்தம் சுத்திகரித்தவர்களுக்கு இன்று தவறினால் உயிருக்கே ஆபத்து. டிரைவர்களோ, ஃபோனில் பட்டியல் காலியாக இருந்ததால் லீவென்று படுத்துவிட்டார்கள்.

அலுவலகம் இருக்கும் ரூ காய் தெருவில் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. செருப்போடு ஓடினேன். அக்கா போன திங்கட்கிழமைப் பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எழும்புங்கோ. ஓம், இண்டைக்கும் ஓட்டம்தான்."

நான் விலக்கைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டேன். இருபத்திரண்டு பயணங்கள் வந்தன. அக்காவின் தாளோடு ஒப்பிட்டதில் ஒருவர் கூடுதல். திரான்சி என்ற புறநகரில் ஓர் ஐயா, போன புதன்கிழமைதான் புதிதாகச் சேர்ந்தவர். அதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, நான் கீழை வந்து நிக்கிறன். கார் வருமோ?"

"வருது ஐயா, வருது" என்றேன். இத்தனை நாள் அவரைப் போன்றவர்கள் எனக்கு வெறும் வரிகள்தான்.

கார்கள் கிளம்பியதும், "நீங்க கூப்பிடலைன்னா என்னக்கா ஆகியிருக்கும்!" என்றேன்.

"காணும் தம்பி, கதையை விட்டிட்டு முதல் அந்த ரிப்போர்ட்டைத் திருத்தும்."

திருத்தினேன். எத்தனை பயணம் பதிவானது, எத்தனையை ஏன் நீக்கியது என்று இனி அது சொல்லும். பயணம் சைபரென்றால் வெற்றி என்று எழுதாது. அக்காவுக்கும் எனக்கும் ஃபோன் அடிக்கும்.

ஒன்பது மணிக்குத் திரான்சி ஐயா மறுபடி கூப்பிட்டார். இருபது நிமிடம் தாமதமாகப் போனாலும் மெஷினில் போட்டுவிட்டார்களாம்.

"பெரிய உபகாரம் தம்பி, நல்லா இருப்பீர்."

அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனை அக்காவிடம் நீட்டினேன்.