காயாத சோப்பு

"சோப்பு இல்லை, சேறு. மூன்றாம் நாளே கூழாகிவிட்டது. ஏமாற்று வேலை."

கூடவே ஒரு புகைப்படம். அவள் தன் கையால் ஊற்றி, வெட்டி, நாடா கட்டி அனுப்பிய சோப்பு, பெட்டியில் சளி மாதிரி வழிந்து கிடந்தது. ஒரே ஒரு ஸ்டார்.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். 'என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஆன்லைன் கடை ஒன்றுதான். இதுவரை அங்கே வந்ததெல்லாம் பாராட்டு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒற்றை விரலால் பதில் அடித்தாள்: 'தண்ணீரில் ஊறப்போட்டால் எந்தச் சோப்பும் கரையத்தான் செய்யும்.'

எட்டிப்பார்த்த நாத்தனார் போனைப் பிடுங்கினாள். "அனுப்பித் தொலைக்காதீங்க அண்ணி. என் ஃபிரண்ட்ஸ் பத்துப் பேரை விட்டு அஞ்சு ஸ்டார் போட வைக்கிறேன். இது அடியில போயிடும்."

"வாங்காதவங்க எப்படிடீ போடுவாங்க?"

"வாங்கினவங்க போட்ட லட்சணம்தான் தெரியுதே!"

சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "கடையில கிடைக்கிறதை வீட்டுல காய்ச்சுறேன்னு நின்னா இப்படித்தான்."

தன்மேல் தப்பில்லை என்று காட்டத்தான் அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு முறை செய்யும்போதும் ஒரு கட்டியை எடை குறித்து எடுத்து வைப்பது அவள் வழக்கம். அதைத் தராசில் வைத்தாள். வெட்டிய அன்றைய எடை அப்படியே நின்றது. ஈரம் போயிருந்தால் குறைந்திருக்க வேண்டுமே! கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது.

ஆறு வாரம் காய வைத்திருந்தது உண்மைதான். ஆனால் முன்பெல்லாம் திறந்த தட்டில், காற்றாடக் காயும். இந்த முறை குழந்தை எழுந்து நிற்கப் பழகி, கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைத்தது. பயந்துபோய் எல்லாவற்றையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். பூட்டிய இடத்தில் ஈரம் எங்கே போகும்? வாரத்தை எண்ணினாளே தவிர, ஒரு கட்டியையாவது அழுத்திப் பார்க்கவில்லை.

அடித்ததை அழித்தாள். புதிதாக எழுதினாள்: 'தவறு என்னுடையது. சோப்பு சரியாகக் காயவில்லை. பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.' குழந்தையைப் பற்றி ஒரு வரி சேர்த்தாள். சாக்குச் சொல்வதுபோல் இருந்தது, எடுத்துவிட்டாள். ஸ்டாரை மாற்றச் சொல்லியும் கேட்கவில்லை. மிச்சமிருந்த சோப்புகளைக் கடையிலிருந்து நீக்கினாள். பிறகு அதே சோப்பை வாங்கிய மற்றவர்களுக்கும் எழுதினாள்.

"சும்மா இருக்கிறவங்களை எதுக்கு அண்ணி சொறிஞ்சு விடுறீங்க?" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

பணம் போய்ச் சேர்ந்தது. ஸ்டார் மாறவில்லை, ஒரு வார்த்தை பதிலும் இல்லை. சும்மா இருந்தவர்களில் ஒருத்தி மட்டும் எழுதினாள்: "உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இனி வாங்க மாட்டேன்." அதற்கு இரண்டு ஸ்டார்.

மறுநாள் நீக்கிய சோப்புகளைத் தட்டுகளில் அடுக்கி ஜன்னலோரம் பரப்பினாள். குழந்தை ஆசையாகத் தவழ்ந்து வந்தது. தூக்கி அறைக்கு வெளியே விட்டுவிட்டுக் கதவைத் தாழிட்டாள்.

சோப்புக்குக் காற்று கிடைத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை தட்டித் தட்டி அழுதது. அவள் ஒவ்வொரு கட்டியாகத் திருப்பி வைத்தாள்.