ஸ்பெஷல் பாஸ்

மலேசியாவில், தாப்பாவில் நான் டீ மாஸ்டராக இருந்த கடையை மூடிய அன்றுதான் என் பாஸ்போர்ட்டை மறுபடி பார்த்தேன். முதலாளியின் மகன் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வேலை பெர்மிட்டை வருடா வருடம் முதலாளிதான் புதுப்பிக்க வேண்டும். "போட்டாச்சு, இமிகிரேசன்ல இருக்கு" என்று பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒட்டியிருந்த பெர்மிட்டின் தேதியோ எப்போதோ முடிந்திருந்தது. முடியாமல் இருந்திருந்தாலும் அதை வைத்து வேறு இடத்தில் வேலை பார்க்க முடியாது. அது அந்தக் கடைக்கான பெர்மிட்.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்தவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் பேச வராது. யாரிடமும் ஒன்றும் கேட்காமல், கோப்பெங் பக்கம் ஒரு கொய்யாத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலம் அது. பிஞ்சு பிடித்ததும் ஒவ்வொன்றுக்கும் உறை மாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈ குத்திவிடும். காலையில் தவுக்கேயின் வண்டி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகும். சீன முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

தங்கியது குனோங் ராபாட்டில், ஒரு லாரி ஓட்டுநர் அண்ணன் வீட்டுப் பின்னறையில். அண்ணன் என்னை மச்சான் என்பார். அவர் மனைவியை நான் அக்கா என்றேன். பெர்மிட் இல்லாத ஆளை அங்கே 'கோசோங்' என்பார்கள். மலாயில் வெறுமை என்று அர்த்தம். சீனி போடாத டீயும் கோசோங்தான், நானும் கோசோங்தான். கடைத்தெருவுக்குப் போவதில்லை. பல் வலித்துக் கன்னம் வீங்கியபோதுகூட அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பெர்மிட் இல்லாத ஆள் வந்தால் அவர்கள் இமிகிரேசனுக்குச் சொல்லிவிடுவார்கள். அக்காதான் கிராம்பு இடித்துக் கொடுத்தார்.

ஊரில் மகளுக்கு ஏழாம் மாதம் நெருங்கியது. "வளைகாப்புக்கு வருவீங்களாப்பா?" என்று ஃபோனில் கேட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, எப்படி என்று தெரியாமல் சமையலறை வாசலில் நின்றேன். மீன் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் காதில் எல்லாம் விழுந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் என்னை உட்கார வைத்தார். அங்கே தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் ஒரு அம்மாவிடம் விசாரித்திருந்தார்.

"தம்பி, கேளுங்க. இப்ப உங்கள ரெய்டுல புடிச்சா கேம்ப்புல போட்டு கோர்ட்டுக்குக் கொண்டு போவாங்க. பெரிய அபராதம், இல்ல ஜெயிலு, ரெண்டும்கூட வரும். அதுக்கப்புறந்தான் ஊருக்கு அனுப்புறது. நாமளே போயி நின்னா கம்பவுண்டுன்னு ஒரு சின்ன அபராதம் கட்டிட்டு வீட்டுக்குப் போலாம். இப்ப அப்படி ஒரு திட்டம் ஓடுது."

"பெர்மிட்ட திரும்பப் போட முடியாதாக்கா?"

"அதுக்கும் ஒரு திட்டம் இருந்துச்சு. முதலாளியே பேரு குடுக்கணும், ஏஜெண்டுக்கு வேலையே கெடையாது. உங்க தவுக்கே நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தாரு, மூடிட்டாங்க. இப்ப தொறந்திருக்கிறது வெளிய போற வாசல் மட்டுந்தான்லா."

பெர்மிட் செய்து தருகிறேன் என்று ஒருவன் எனக்கு ஃபோன் போட்டிருந்ததைச் சொன்னேன். அண்ணன் சிரித்தார்.

"அவன் குடுக்குற காகிதத்துல நாசி லெமாக் சோறு மடிக்கலாம், மச்சான்."

போய்விட்டுத் திரும்பி வர முடியுமா என்று கேட்டேன். "அது அவங்க கம்ப்யூட்டர்தான் சொல்லும். பேர கறுப்புப் பட்டியல்ல அடைச்சுட்டா வர முடியாது. அதுக்கு நான் வாக்கு குடுக்க மாட்டேன்" என்றார் அக்கா. அப்படி உள்ளதை உள்ளபடி சொல்ல எனக்கு அந்த நாட்டில் வேறு ஆள் கிடைத்ததில்லை.

முதலில் டிக்கெட் எடுக்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் கிளம்புகிற மாதிரி. எடுத்தோம். ஈப்போ இமிகிரேசனுக்கு அண்ணன் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். உள்ளே நுழைந்ததுமே விலங்கு மாட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். தலையில் துடோங் அணிந்த ஒரு பெண் அதிகாரி பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்த்தார், கைரேகை எடுத்தார், "டுடுக், பாக்சிக்" என்று நாற்காலியைக் காட்டினார். உட்காருங்க பெரியவரே என்பதுபோல. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அபராதத்துக்கு ரொக்கம் வாங்கவில்லை. அண்ணன் தன் கார்டை நீட்டினார். கடைசியில் அதிகாரி பாஸ்போர்ட்டில் ஒரு தாளை ஒட்டி, "பாஸ் காஸ்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

"ஸ்பெஷல் பாஸ்லா மச்சான்!" என்று அண்ணன் என் தோளில் தட்டினார். "முடிஞ்சிருச்சு!"

அன்றைக்கு ஈப்போவில் பட்டப்பகலில் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மறுநாள் கணக்கு முடிக்கப் போனபோது தவுக்கே பாஸைப் புரட்டிப் பார்த்தார். கொய்யா அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தது, உறை மாட்ட ஆள் இல்லை. "பாஸ்தான் இருக்கே, தாக் அப்பா, ஒரு மாசம் இருந்துட்டுப் போ" என்று மலாயில் சொன்னார். தாக் அப்பா என்றால் பரவாயில்லை. மறுத்துப் பேச எனக்கு வரவில்லை. அதுவுமல்லாமல் நானும் நம்பினேன். ஆயுசு பாதி டீக்கடையில் கழித்தவன். ஸ்பெஷல் என்றால் டிகாஷன் திக்காக, பால் கூடுதலாக. சாதாரணப் பாஸைவிட இது ஒரு படி மேல் என்றுதான் நினைத்தேன். வளைகாப்பைத் தள்ளி வைக்கச் சொல்லலாம், ஒன்பதாம் மாதத்திலும் செய்வார்கள், டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று மனக்கணக்குப் போட்டபடி வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"இது ஸ்பெஷல் டீ இல்ல தம்பி! அந்த பிளேன் கெளம்புற வரைக்கும் இங்க நிக்க விட்டிருக்காங்க, அவ்வளவுதான். கொய்யாவுக்குச் சட்ட போட இல்ல. அந்த நாள விட்டீங்கன்னா பழையபடி கோசோங். கட்டுன கம்பவுண்டு போச்சு. அடுத்தது கோர்ட்டுதான்."

அண்ணன் தலையைச் சொறிந்தார். "நானும்ல ஸ்பெஷல்னு துள்ளுனேன்."

"ஒங்க ரெண்டு பேருக்கும் ஸ்பெஷல்னா பால் சாஸ்தி, வேறென்ன தெரியும்!"

என் ஃபோனை வாங்கித் தவுக்கேயைக் கூப்பிட்டுக் கான்டனீஸ் சீனத்தில் படபடவென்று பேசினார். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நாளைக்கு வண்டி வராது" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. "என்னைய வச்சிருந்ததுக்கு உங்களுக்கும் கேஸ் வருமாண்ணே?" என்று கேட்டேன்.

"வரும். வந்த மாசமே தெரியும்லா" என்றார் அண்ணன், டிவியைப் பார்த்தபடி.

விமான நாளன்று அண்ணனும் அக்காவும் காரில் என்னைக் கோலாலம்பூர் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். உள்ளே இமிகிரேசன் கவுண்டரில் இருந்த பையன் பாஸையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். முத்திரை குத்திப் பாஸ்போர்ட்டைத் தள்ளினான். தாண்டியதும் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "உள்ள வந்துட்டேண்ணே." பின்னாலிருந்து அக்கா குரல்: "சாப்ட்டாரான்னு கேளுங்க." அவர்கள் இன்னும் கார் நிறுத்துமிடத்தில்தான் இருந்தார்கள். நான் தாண்டும்வரை கிளம்பவில்லை.

வளைகாப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் வீடு சேர்ந்தேன். திரும்ப மலேசியா போக முடியுமா என்று இன்றுவரை தெரியாது. மகள் கையில் வளையல் அடுக்கும்போது அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். கூட்டத்தின் சத்தத்தில் அவர் பேசியது சரியாகக் கேட்கவில்லை. ஃபோனைக் காதில் வைத்தேன்.

"காதக் காட்டாதீங்க தம்பி, மக கையக் காட்டுங்க. வளையல் சத்தம் கேக்கணும், கிட்ட கொண்டு போங்க."

கொண்டுபோனேன்.