அப்பாவுக்கு ஐந்து விநாடி

நான் படிப்புக்காக மெல்பேர்னுக்குப் புறப்பட்ட அன்று, வாசலில் நின்ற வான் வண்டியின் கதவைப் பிடித்தபடி அப்பா சொன்னார்: "மாசத்துக்கு ஒரு பேச்சு அனுப்பினாக் காணும். கிழமைக்கு ஒண்டெண்டா எங்களால தாங்கேலாது." அழுதுகொண்டிருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டார். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவந்து துறையில் சேர்க்கும் இழுவைப் படகு ஓட்டியவர் அப்பா. விவாதப் போட்டிகளில் நான் வென்ற கோப்பைகளை அலுமாரியில் அடுக்கும்போதெல்லாம், "இவன் கதைச்சா கப்பல் தானா வந்து கட்டிக்கொள்ளும், என்ர வேலைதான் போகும்" என்று சீண்டுவார்.

அதன்படியே ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறும் ஒலிச்செய்தி அனுப்பினேன். மேடைப் பேச்சைப் போலவே அதையும் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். குரல் உயரும் இடத்துக்கு ஒரு குறி, தாழும் இடத்துக்கு இன்னொன்று; எட்டு நிமிடம் முடிகையில் கைதட்டலுக்கு இடம் விட்டதுபோல ஓர் இறுதி வாக்கியம். அந்த வாக்கியங்களில் எனக்குப் பெருமை இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை.

மூன்றாம் மாதம் அப்பாவைப் பாரிசவாதம் தாக்கியது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. அவரைப் பார்ப்பதற்காகச் சாம்பல்தீவிலிருந்து வீட்டுக்கு வந்து தங்கிய அக்கா, என் அடுத்த செய்தியைப் போட்டுக் காட்டிவிட்டு எழுதினார்: "தம்பி, உன்ர முன்னுரை முடியமுன்னமே அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிட்டார். கோவிக்காதை."

கோபித்தேன். ஆயினும் பேச்சுச் சிகிச்சையாளர் அக்காவிடம் சொல்லி அனுப்பிய விதிகளைத் தாளில் எழுதிக்கொண்டேன். அப்பாவின் காதுக்குக் குறையில்லை. சொற்கள் அடுக்கடுக்காக வரும்போது பொருள்தான் பிடிபடுவதில்லை. ஆகவே நேரடி அழைப்பில் அவர் பதறிப்போகிறார். ஒலிப்பதிவு என்றால் நிறுத்தலாம், திரும்பவும் போடலாம். ஒரு வாக்கியத்தில் ஒரே செய்தி. 'அவர்', 'அது' வேண்டாம். பெயரையே சொல்ல வேண்டும். கேள்வி என்றால் ஓம், இல்லை என்று பதில் வரக்கூடியதாக இருக்க வேண்டும். கேள்விக்குப் பின் ஐந்து விநாடி மௌனம்.

அடுத்த மாதத் தாளில் இருபது வரிகளே இருந்தன. "அப்பா. நான் மகன். நான் சுகம். நான் சோறு சமைச்சனான்." அந்த ஐந்து விநாடிகளைக் கடிகாரம் பார்த்து விடுவதற்குள் எனக்கு வியர்த்தது, மேடையில் மௌனம் என்றால் தோல்வி. கடைசி வரி: "அப்பா, நான் வீட்டை வரட்டோ?"

அவர் கேட்டுக்கொண்டிருந்ததை அக்கா பதிந்து அனுப்பினார். மின்விசிறிச் சத்தம், என் குரல், பிறகு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் அப்பா சொன்னார்: "வா."

அக்காவை அழைத்தேன். "அதை நம்பாதை தம்பி. வருத்தம் வந்தபிறகு அவருக்கு அந்த ஒரு சொல்தான் வருது. தண்ணி வேணுமோ எண்டாலும் வா. சட்டை மாத்துவமோ எண்டாலும் வா. நேற்று டொக்டரையும் வா எண்டவர், அந்தாள் போக வெளிக்கிட்ட நேரம்." இருவரும் சிரித்தோம். பரீட்சைக்கு ஐந்து கிழமை இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே விடை சொல்பவரின் விடை எதற்கும் சான்றாகாது என்று எனக்குள் வாதிட்டேன். எதிரணியில் யாரும் இல்லாத விவாதம் அது, எளிதாக வென்றேன்.

ஆனாலும் அந்த மாதம் முழுவதும் அந்தக் குரல் விடவில்லை. அக்கா மூலம் சிகிச்சையாளரிடம் வழி கேட்டேன். இல்லை என்று சொல்ல வேண்டிய கேள்விகளையும் கலந்து கேட்கச் சொன்னார். அடுத்த முதல் ஞாயிறு அப்படியே எழுதினேன். "அப்பா, அக்கா ஆம்பிளைப் பிள்ளையோ?" ஐந்து விநாடி. "அப்பா, அம்மா கப்பல் ஓட்டினவவோ?" ஐந்து விநாடி. "அப்பா, நான் படிப்பு முடிஞ்ச பிறகு வரட்டோ?"

முதற்கேள்விக்கு அப்பா தலையை மறுத்து ஆட்டினார் என்று பதிவிலேயே அக்கா மெல்லச் சொல்வது கேட்கிறது. இரண்டாவதுக்கு அவர் சிரித்தார். அந்தப் பழைய சீண்டற் சிரிப்பு. மூன்றாவதுக்கு ஐந்து விநாடியும் கழிந்தது. என் குரல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அதன் மேலாக, கட்டில் சட்டத்தை இடது கையால் அடிக்கும் ஓசையோடு, "வா. வா. வா."

அன்றே பயணச்சீட்டு எடுத்தேன். சிங்கப்பூரில் விமானம் மாறக் காத்திருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. இரண்டாவது தாக்கு. ஒரு மாதம் முந்திக் கேட்டபோதே அவர் பதில் சொல்லியிருந்தார்.

இறுதிக் கிரியைகள் முடிந்ததும் பந்தலில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். எழுதி வைக்காமலே பழைய வாக்கியங்கள் வரிசையாக வந்தன. நீண்டு, வளைந்து, உயர்ந்து, உரிய இடத்தில் முடிந்தன. துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர் வந்து என் கையைப் பிடித்து, "தம்பி, உம்மட அப்பா குடுத்து வைச்சவர்" என்றார்.

அவர் போனதும், கதிரையில் இருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"நல்லாத்தான் பேசினனி, மகன். ஆனா அப்பாவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது."