இரண்டு வரிகளுக்கு நடுவே

ராஜபாளையத்தில் நான் நடத்தும் டிடிபி கடைக்குத் தேவதானத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கணவரின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிச் சுவரொட்டி. பேரப்பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் ஒரே தாளில் அடங்கவேண்டுமே என்று வரி இடைவெளியைக் குறைத்திருந்தேன். கணவர் பெயரிலிருந்த ‘சு’வின் வால் கீழிறங்கி, அடுத்த வரியில் அம்மாளின் பெயரிலிருந்த ‘லீ’யின் மேல்சுழியைக் குத்தியது.

திரையைப் பார்த்தவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அவிய என்னத் தொடுதாவ, தம்பி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “தமிழுக்கு மேலயும் கீழயும் எடம் வேணும்மா. இங்கிலீஷ் மாதிரி நெருக்குனா இடிச்சுக்கிடும்” என்று இடைவெளியைக் கூட்டினேன். வாலும் சுழியும் விலகின.

“இன்னும் செத்த தள்ளுங்க.”

கூட்டினேன்.

“இன்னும்.”

பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சிறிதாக்கிப் பக்கவாட்டில் ஒதுக்கினேன். அம்மாளின் பெயர் தாளின் அடிவிளிம்புக்கே போய்விட்டது.

“இதுக்கு மேல எடமே இல்லம்மா!” என்று கத்திவிட்டேன்.

அவர் தாளின் உச்சியிலிருந்த கணவரின் படத்தையே பார்த்தார். பிறகு, அதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

“இனி அவிய கை எட்டாதுல்ல?”